எட்டுப் புள்ளி எஃப்எஃப்டியில் 50 ஹெர்ட்ஸ் காணாமல் போன கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடசென்னையில் ஒரு பொறியியல் கல்லூரியின் சிக்னல் ஆய்வகத்தில் நான் வேலை பார்க்கிறேன். இறுதியாண்டு மாணவர்கள் மூன்று பேர் செய்த புராஜெக்டில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். ஆட்களின் பெயரும் கடையின் பெயரும் இதற்குத் தேவையில்லை.

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை. மூன்று மாடி, மூன்று பேஸ் இணைப்பு, கூரை முழுக்க எல்இடி பேனல் விளக்குகள். மெயின் போர்டில் நியூட்ரல் கம்பி சுடுகிறது என்று கடையின் எலக்ட்ரீஷியன் சொல்லியிருந்தார். அவர் மாணவர்களில் ஒருவனுக்குத் தாய்மாமன். மூன்று பேஸிலும் கிட்டத்தட்ட ஒரே அளவு கரண்ட்தான் ஓடியது. அப்படியானால் மூன்றும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு நியூட்ரலில் ஏறக்குறைய ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் அவருடைய ட்ரூ ஆர்எம்எஸ் கிளாம்ப் மீட்டர் நியூட்ரலில் 5.9 ஆம்பியர் காட்டியது.

துறையில் இருப்பவர்களுக்கு இதன் காரணம் உடனே தோன்றும். எல்இடி விளக்குக்குள் இருக்கும் பவர் சப்ளை, கரண்ட்டைச் சீரான அலையாக இழுக்காமல் வோல்டேஜின் உச்சியில் மட்டும் துண்டாக இழுக்கும். அதனால் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸும் சேர்ந்து வரும். மூன்று பேஸின் 50 ஹெர்ட்ஸ் பகுதிகள் நியூட்ரலில் கழிந்துவிடும். 150 ஹெர்ட்ஸ் பகுதிகளோ ஒரே நேரத்தில் ஏறி ஒரே நேரத்தில் இறங்குவதால் கழியாமல் கூடிவிடும். அந்த 150 ஹெர்ட்ஸை, மாதிரிகளை அதிர்வெண் வாரியாகப் பிரிக்கும் எஃப்எஃப்டி கணக்கைக் கொண்டு திரையில் காட்டுவதே புராஜெக்டின் நோக்கம்.

கையில் இருந்தது ஒரு ஆர்டுயினோ ஊனோவும், கம்பியைச் சுற்றிக் கவ்வும் கரண்ட் சென்சார் ஒன்றும். ஊனோவின் ரேம் மொத்தம் 2 கேபிதான். ஒரு புள்ளிக்கு மெய்ப்பகுதி, கற்பனைப்பகுதி என்று இரண்டு ஃப்ளோட் எண்கள் வேண்டும், அதாவது 8 பைட். 128 புள்ளிகளுக்கு 1024 பைட். உள்ளீட்டுக்கு ஒரு வரிசை, வெளியீட்டுக்கு ஒரு வரிசை என்று வைத்தால் 2048 பைட் ஆகி ரேம் முழுவதும் தீர்ந்துவிடும். இடத்திலேயே கணக்கிடும் முறையை, அதாவது இன்-பிளேஸ் கணக்கீட்டை, முதலிலிருந்தே பழகுங்கள் என்று சொன்னதற்கு இதுதான் காரணம். தொடக்கத்துக்கு எட்டுப் புள்ளி போதும் என்று முடிவு செய்தோம். எட்டு என்றால் காகிதத்தில் போட்டுச் சரிபார்க்கலாம்.

நொடிக்கு 400 மாதிரி எடுத்தால் எட்டு மாதிரி எடுக்க 20 மில்லிசெகண்ட் ஆகும், அது மின்சாரத்தின் ஒரு முழுச் சுற்று. வெளியீட்டில் X[0] நேர்மின் பகுதி, X[1] 50, X[2] 100, X[3] 150, X[4] 200 ஹெர்ட்ஸ். X[5] முதல் X[7] வரை உள்ளவை X[3], X[2], X[1] ஆகியவற்றின் கண்ணாடிப் பிம்பம். உள்ளீடு மெய்யெண்ணாக இருந்தால் அளவில் இந்தச் சோடிகள் சமமாகத்தான் வரும். இந்த வரி பின்னால் தேவைப்படும்.

ஏன் டெசிமேஷன் இன் ஃப்ரீக்வென்சி

எஃப்எஃப்டியை எழுத டெசிமேஷன் இன் டைம் என்ற டிஐடி, டெசிமேஷன் இன் ஃப்ரீக்வென்சி என்ற டிஐஎஃப் என இரண்டு வழிகள் உண்டு, எதை எடுப்பது என்ற பேச்சு வந்தது. இடத்திலேயே கணக்கிடும் வழக்கமான டிஐடியில் உள்ளீட்டை முதலில் கலைத்து அடுக்க வேண்டும், வெளியீடு நேர்வரிசையில் வரும். டிஐஎஃபில் உள்ளீடு வந்தபடியே இருக்கலாம், வெளியீடுதான் கலைந்து வரும். ஏடிசியிலிருந்து மாதிரிகள் வரிசையாக வருவதால் மாணவர்கள் டிஐஎஃபைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த முடிவில் தவறில்லை, இப்போதும் அதையே எடுப்பேன்.

எட்டுப் புள்ளிக்கு மூன்று கட்டம், கட்டத்துக்கு நான்கு பட்டர்ஃபிளை, ஆக மொத்தம் 12. ஒரு பட்டர்ஃபிளை இரண்டு அறைகளை எடுக்கும். மேல் அறையில் a, கீழ் அறையில் b இருந்தால் மேலே a+b போகும், கீழே (a−b)·W போகும், இங்கே W என்பது 0.707−0.707j என்ற எண்ணின் ஏதோ ஒரு அடுக்கு. முதல் கட்டத்தில் இரண்டு அறைகளுக்கும் இடையே தூரம் 4, அடுத்ததில் 2, கடைசியில் 1. அந்தக் கட்டத்தில் வேறெந்த பட்டர்ஃபிளையும் அந்த இரண்டு அறைகளைத் தொடாது. ஆகவே விடையை அதே அறைகளில் எழுதிவிடலாம், கூடுதல் வரிசை வேண்டாம்.

இதற்குக் கொடுக்கும் விலைதான் வரிசை கலைவது. முதல் கட்டத்தின் கூட்டல்கள் X[k]-யில் k இரட்டைப்படையாக இருப்பவற்றுக்கு மட்டும் பயன்படும், அவை மேல் பாதியில் தங்கும். கழித்தல்கள் ஒற்றைப்படை k-க்கு, அவை கீழ்ப் பாதியில். k-யின் கடைசி பிட் எதுவோ அது, போய்ச் சேரும் அறை எண்ணின் முதல் பிட் ஆகிறது. இரண்டாம் கட்டத்தில் நடு பிட்டுக்கும் மூன்றாவதில் மீதி பிட்டுக்கும் இதுவே நடக்கிறது. X[6]-ஐப் பாருங்கள். 6 என்பது 110. கடைசி பிட் 0, ஆகவே மேல் பாதி, அறை 0 முதல் 3. நடு பிட் 1, ஆகவே அதில் கீழ்ப் பகுதி, அறை 2, 3. முதல் பிட் 1, ஆகவே அறை 3. அதாவது 011. பிட்டுகளைத் திருப்பிப் படித்ததுபோல் ஆகிவிட்டது. அறை 0-விலிருந்து வரிசையாக 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என்ற k-க்களின் விடைகள் உட்கார்ந்திருக்கும்.

முதல் வாரம்: தேறிய சோதனையும் தேறாத சோதனையும்

நிரலை எழுதி முடித்ததும் முதல் மாதிரிக்கு 1, மற்ற ஏழுக்கும் 0 கொடுத்துப் பார்த்தார்கள். இம்பல்ஸ் கொடுத்தால் எட்டு வெளியீடும் 1 ஆக வர வேண்டும், வந்தது. மறுநாள் எட்டு மாதிரிக்கும் 1 கொடுத்தார்கள். X[0] மட்டும் 8, மற்றவை 0 என்று வர வேண்டும். திரையில் அளவுகள் 8, 4, 2.83, 2, 2.61, 1.41, 0.77, 1 என்று வந்தன.

சோகமாக வந்து நின்றார்கள். நிரலில் பட்டர்ஃபிளை இருந்த இடம் இது:

```
re[p] = re[p] + re[q];
im[p] = im[p] + im[q];
tr = re[p] - re[q];
ti = im[p] - im[q];
re[q] = tr*c - ti*s;
im[q] = tr*s + ti*c;
```

பாடப்புத்தகத்துப் படத்தை அப்படியே நிரலாக்கினால் இப்படித்தான் வரும். படத்தில் கூட்டலும் கழித்தலும் ஒரே கணத்தில் நடக்கின்றன, நிரலில் ஒன்றன் பின் ஒன்றாக. முதல் வரி ஓடியதுமே `re[p]`-யில் a இல்லை, a+b இருக்கிறது. மூன்றாவது வரி அதிலிருந்து b-யைக் கழிப்பதால் கிடைப்பது a−b அல்ல, வெறும் a. கீழ் அறைக்கு ஒவ்வொரு முறையும் a·W போய்க்கொண்டிருந்தது.

இம்பல்ஸ் சோதனை இதை ஏன் காட்டவில்லை? 1 இருந்தது முதல் அறையில். எந்தக் கட்டத்தை எடுத்தாலும் b-யின் இடத்தில் 0 தான் இருந்தது. b சைபர் என்றால் a−b-யும் a-யும் ஒன்றுதான். இந்தப் பிழைக்கு அந்தச் சோதனை முழுக் குருடு. 1-ஐ இரண்டாவது மாதிரியில் வைத்திருந்தால் நான்கு அறைகள் 0 ஆகிப் பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும்.

`tr`, `ti` வரிகளை மேலே ஏற்றினார்கள். 8-உம் ஏழு சைபரும் வந்தன. “ரெண்டு டெஸ்ட்டும் பாஸ் ஆயிடுச்சு சார், கடைக்குப் போகலாமா?” என்று கேட்டார்கள். போங்கள் என்றேன். ஆய்வகப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டதும் நான்தான்.

கடையில் கண்டது

வெள்ளிக்கிழமை மாலை, விளக்குகள் முழுக்க எரியும் நேரம். எலக்ட்ரீஷியன் போர்டைத் திறந்து சென்சாரை ஒரு பேஸ் கம்பியைச் சுற்றிக் கவ்வவிட்டார். கம்பியின் இன்சுலேஷனுக்கு வெளியேதான் கவ்வ வேண்டும், மாணவர்கள் போர்டில் கை வைக்கக் கூடாது என்பது முதல் நாளே போட்ட நிபந்தனை.

லேப்டாப் திரையில் 0 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஐந்து எண்கள் ஓடின. 50-க்கு நேரே சைபருக்குப் பக்கத்தில் ஒரு எண். 200-க்கு நேரே பெரிய எண். எலக்ட்ரீஷியன் எட்டிப் பார்த்தார்.

“இன்னா தம்பி, ஈபி லைன்ல அம்பது ஹெர்ட்ஸே இல்லன்னு காட்டுது உன் மிஷினு?”

மாணவன் ஏதோ சமாளித்தான். எனக்கு ஃபோன் வந்தபோது “சார், இருநூறு ஹெர்ட்ஸ் பெருசா இருக்கு, பக்கத்துல ஏதாவது இன்வெர்ட்டர் ஓடுதான்னு பாக்கறோம்” என்றார்கள். இன்வெர்ட்டரைத் தேட வேண்டாம் என்றேன். மேல் பாதியும் கீழ்ப் பாதியும் ஒரே வடிவில் இருக்கும் கரண்டில் இரட்டைப்படை ஹார்மோனிக் வராது. 200 என்பது 50-இன் நான்கு மடங்கு. அது பெரிதாகவும் 50 சைபராகவும் இருப்பது மின்சாரத்தில் நடக்கிற காரியம் இல்லை. கம்பியை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள் என்றேன்.

அடுத்து சென்சாரை நியூட்ரலுக்கு மாற்றினார்கள். இங்கேதான் விஷயம் தெளிவானது. கிளாம்ப் மீட்டர் 5.9 ஆம்பியர். திரையிலோ ஐந்து எண்களும் சின்னதாக இருந்தன, 200-க்கு நேரே மட்டும் 6.8. இந்த ஐந்தையும் வைத்து ஆர்எம்எஸ் கணக்கிட்டால் 0.85 ஆம்பியர்தான் வந்தது.

மாணவி ஒருத்தி அப்போது செய்த காரியத்தை நான் இன்றும் மெச்சுகிறேன். எஃப்எஃப்டியை ஒதுக்கி வைத்துவிட்டு, எட்டு மாதிரிகளையும் நேரே வர்க்கப்படுத்திக் கூட்டி எட்டால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தாள். 5.8 வந்தது, மீட்டரோடு ஒத்துப்போனது. ஆக சென்சார் சரி, ஏடிசி சரி. கரண்ட் மாதிரிகளில் இருக்கிறது, திரையில் காட்டும் ஐந்து இடங்களில் இல்லை. எட்டு இடங்களையும் அச்சிட்டுப் பார்த்தாள்.

அறை 4-இலும் 7-இலும் 6.8. அறை 5-இலும் 6-இலும் 32.2. மற்ற நான்கிலும் சைபருக்குப் பக்கத்தில். எட்டின் வர்க்கங்களையும் கூட்டி 64-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 5.82. ஆற்றல் எதுவும் தொலையவில்லை, இடம்தான் மாறியிருந்தது.

காரணத்தைக் கண்டுபிடித்தது

மெய்யான உள்ளீட்டுக்குச் சமமாக வர வேண்டிய சோடிகள் 1-உம் 7-உம், 2-உம் 6-உம், 3-உம் 5-உம். இங்கே சமமாக வந்தவை 4-உம் 7-உம், 5-உம் 6-உம். சோடிகள் தப்பாகச் சேர்ந்திருக்கின்றன என்பதே போதிய தடயம். பெருக்கலில் பிழை இருந்தால் இவ்வளவு சுத்தமாகச் சோடி சேராது, எண்கள் சிதறியிருக்கும். அளவுகள் ஒழுங்காகச் சோடி சேர்ந்து, ஆனால் சேரக் கூடாத இடங்களில் சேர்ந்தால், வரிசையைத்தான் சந்தேகிக்க வேண்டும். கலைந்த வரிசையில் X[1] அறை 4-இலும் X[7] அறை 7-இலும் இருக்கும். X[5] அறை 5-இல், X[3] அறை 6-இல். நான்கும் பொருந்தின.

அதாவது கலைந்த வரிசையை நேராக்கும் பிட் ரிவர்சல் நடக்கவே இல்லை. இதைச் சொன்னதும் “அது போட்டிருக்கோம் சார்” என்றார்கள். உண்மைதான், போட்டிருந்தார்கள்:

```
for (i = 0; i < 8; i++) {
  j = rev[i];
  t = re[i]; re[i] = re[j]; re[j] = t;
  t = im[i]; im[i] = im[j]; im[j] = t;
}
```

`rev` அட்டவணை 0, 4, 2, 6, 1, 5, 3, 7. அதில் ஒரு எண்கூடத் தப்பில்லை. நிரலைப் பலமுறை படித்தும் யாருக்கும் எதுவும் தோன்றவில்லை, எனக்கும் ஃபோனில் கேட்டபோது தோன்றவில்லை. மறுநாள் கடையிலிருந்து எடுத்து வந்த விலைச்சீட்டுகள் எட்டின் பின்பக்கம் 0 முதல் 7 வரை எழுதி மேசையில் வரிசையாக வைத்தோம். ஒருத்தி `i`-யைச் சொல்ல ஒருவன் சீட்டுகளை மாற்றினான்.

`i` 0: தன்னோடு தானே, மாற்றமில்லை. `i` 1: சீட்டு 1-உம் 4-உம் இடம் மாறின. `i` 2: மாற்றமில்லை. `i` 3: 3-உம் 6-உம் மாறின. இப்போது மேசையில் 0, 4, 2, 6, 1, 5, 3, 7. வேலை முடிந்துவிட்டது. ஆனால் லூப் முடியவில்லை. `i` 4 என்றதும் சீட்டுக்குப் போன கை பாதியில் நின்றது. “இதை இப்பதானே மாத்தினேன்” என்றான். `i` 4-இல் 4-உம் 1-உம் பழைய இடத்துக்குத் திரும்பின. `i` 6-இல் 6-உம் 3-உம் திரும்பின. லூப் முடிந்தபோது சீட்டுகள் தொடங்கிய இடத்திலேயே இருந்தன.

பிட்டைத் திருப்புவது இருமுறை செய்தால் பழைய எண்ணே வரும் ஒரு செயல். 1 என்பது 4-ஐக் காட்டினால் 4-உம் 1-ஐக் காட்டும். எட்டுப் புள்ளியில் மாற வேண்டியவை இரண்டே சோடிகள். 0, 2, 5, 7 திருப்பினாலும் அதுவே. அந்த இரண்டு சோடிகளையும் இருமுறை மாற்றினால் ஒன்றுமே செய்யாததற்குச் சமம். இந்த லூப் எட்டுப் புள்ளிக்கு மட்டுமல்ல, எத்தனை புள்ளி கொடுத்தாலும் மிகச் சரியாக எதையும் செய்யாது.

உள்ளீட்டு வரிசையிலிருந்து வேறொரு வரிசைக்கு `out[i] = in[rev[i]]` என்று எழுதியிருந்தால் இந்தப் பிழை வந்திருக்கவே முடியாது. இடத்திலேயே செய்வதால் வந்தது. முதல் வாரம் பார்த்த பிழையும் இதே குடும்பம்: அங்கே ஒரு அறையின் பழைய மதிப்பு, தேவைப்படும் முன்பே அழிந்தது. இங்கே மாறிய அறையை மாறாததாக நினைத்து மறுபடி மாற்றினோம்.

இரண்டு சோதனைகளும் ஏன் ஏமாற்றின

இம்பல்ஸுக்கு எட்டு வெளியீடும் 1. எட்டு ஒன்றுகளை எப்படிக் கலைத்தாலும் எட்டு ஒன்றுகள்தான். எல்லாம் 1 என்ற உள்ளீட்டுக்கு X[0] மட்டும் 8, அது இருப்பது அறை 0, திருப்பினாலும் அறை 0. வரிசை தப்பியதைக் காட்டும் சக்தி இரண்டுக்கும் கிடையாது. இதை நான் முன்கூட்டியே பார்த்திருக்க வேண்டும். இரண்டு சோதனை தேறியது என்ற எண்ணிக்கையைப் பார்த்தேனே தவிர, அவை எதைச் சோதிக்கின்றன என்று பார்க்கவில்லை.

கடைக்குப் போகும் முன் ஒரு சுற்று காஸ் அலையைக் கையால் போட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். சீட்டு விளையாட்டு முடிந்த கையோடு அதைப் பலகையில் போட்டோம். உள்ளீடு 1, 0.707, 0, −0.707, −1, −0.707, 0, 0.707.

முதல் கட்டத்தில் அறை 0-உம் 4-உம் 1, −1. மற்ற மூன்று சோடிகளும் இப்படியே எதிரெதிர்க் குறிகளில் (அறை 2-உம் 6-உம் இரண்டும் 0). ஆகவே மேல் பாதி முழுக்க 0. கீழ்ப் பாதியில் கழித்தல்கள் 2, 1.414, 0, −1.414. இவற்றை வரிசையாக W-யின் 0, 1, 2, 3-ஆம் அடுக்குகளால் பெருக்கினால் அறை 4-இல் 2, அறை 5-இல் 1−j, அறை 6-இல் 0, அறை 7-இல் 1+j.

இரண்டாம் கட்டத்தில் 4-உம் 6-உம் சேர்ந்து இரண்டும் 2 ஆகின்றன. 5-உம் 7-உம் கூடினால் 2. கழித்தால் −2j, அதை W-யின் இரண்டாம் அடுக்கான −j-யால் பெருக்க −2. கீழ்ப் பாதி இப்போது 2, 2, 2, −2.

மூன்றாம் கட்டத்தில் 4-உம் 5-உம் சேர்ந்து 4, 0. 6-உம் 7-உம் சேர்ந்து 0, 4. முடிவில் அறை 4-இல் 4, அறை 7-இல் 4, மற்றதெல்லாம் 0. கணக்கு துல்லியமாகச் சரி. ஒரு சுற்று காஸ் அலைக்கு X[1], X[7] இரண்டும் 4 தான். X[1] அறை 1-க்கு இன்னும் வீடு மாறவில்லை, அவ்வளவே. கடையில் 50 ஹெர்ட்ஸ் 200-க்கு நேரே நின்றது இதனால்தான்.

150 ஹெர்ட்ஸின் கதி இன்னும் மோசம். அது இருந்தது அறை 6-இலும் அதன் பிம்பம் அறை 5-இலும். திரையில் அச்சிட்டது அறை 0 முதல் 4 வரை மட்டும். அறை 2-உம் 3-உம் X[2]-உம் அதன் பிம்பமும். தேடிப் போன 150 ஹெர்ட்ஸ் அந்த ஐந்து இடங்களில் எங்குமே இல்லை. 50 ஹெர்ட்ஸ் தப்பான இடத்தில் வந்ததால்தான் சந்தேகம் வந்தது. நியூட்ரலை மட்டும் முதலில் அளந்திருந்தால், “ஹார்மோனிக் ஒன்றும் இல்லை” என்று அறிக்கை எழுதியிருக்கக்கூடும்.

எடுத்த முடிவுகள்

திருத்த இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, லூப்புக்குள் `if (i < j)` சேர்த்து ஒவ்வொரு சோடியையும் ஒருமுறை மட்டும் மாற்றுவது. மற்றது, அறைகளை இடம் மாற்றாமலே விட்டுவிட்டு, படிக்கும்போது `re[rev[k]]` என்று படிப்பது. இரண்டாவது வழி எளிது, ஐந்து எண்களை அச்சிட மட்டும் என்றால் அதுவே போதும். இருந்தும் முதல் வழியை எடுத்தோம். அடுத்து ஹார்மோனிக் வாரியாக ஆர்எம்எஸ் கணக்கு, சதவீதம் என்று அந்த வரிசையைத் தொடும் இடங்கள் நான்கைந்து வரப்போகின்றன. அவற்றில் ஒன்றில் `rev` விட்டுப்போனாலும் இதே கதை திரும்பும்.

மூன்றாவதாக ஒரு யோசனையும் வந்தது: திரையில் தலைப்புகளை மட்டும் மாற்றி ஒட்டிவிடலாம் என்று. அதை நான் ஒப்பவில்லை. தவறாக வேலை செய்யும் லூப்பை உள்ளேயே வைத்துக்கொண்டு அதற்கேற்ப லேபிளை மாற்றினால், நாளை யாராவது லூப்பைச் சரிசெய்யும்போது லேபிள்கள் பொய்யாகிவிடும்.

பின்பு நடந்தது

அடுத்த புதன்கிழமை மறுபடி கடைக்குப் போனார்கள். பேஸ் கம்பியில் 50-க்கு நேரே பெரிய எண், 150-க்கு நேரே அதைவிடச் சிறியது, 100-உம் 200-உம் ஏறக்குறைய சைபர். நியூட்ரலில் 150 மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிட்டது: 5.7 ஆம்பியர். எலக்ட்ரீஷியன் நியூட்ரல் இணைப்புப் பட்டையைக் கழற்றிப் பார்த்தபோது ஒரு ஸ்க்ரூ தளர்ந்து கறுத்திருந்தது. கம்பியும் பேஸ் கம்பியைவிட ஒரு சைஸ் மெலிதாக இருந்தது. தடித்த கம்பி போட்டார். அந்த முடிவு அவருடையது, எங்கள் எண்களை வைத்து மட்டும் எடுத்ததும் அல்ல.

எண்களையும் அப்படியே நம்பிவிட முடியவில்லை. நொடிக்கு 400 மாதிரி எடுத்தால் 200 ஹெர்ட்ஸுக்கு மேல் உள்ளவை மடிந்து கீழே விழும். 250 ஹெர்ட்ஸ் 150-இலும் 350 ஹெர்ட்ஸ் 50-இலும் வந்து உட்காரும். 450-உம் 50-இல் விழும். பேஸ் கம்பியின் 150-இல் எவ்வளவு உண்மை, எவ்வளவு 250 என்று எட்டுப் புள்ளியால் பிரிக்க முடியாது. நியூட்ரலில் 250 பெரும்பாலும் கழிந்துவிடும் என்பதால் அங்கே 150-ஐ நம்பலாம். ஆனால் மூன்றின் மடங்கான 450 கழியாமல் கூடும். ஆகவே 50-க்கு நேரே தெரிந்த 1.2 ஆம்பியர் சந்தேகத்துக்குரியது.

அதனால் நொடிக்கு 3200 மாதிரி, 64 புள்ளி என்று மாற்றினார்கள். இடைவெளி அதே 50 ஹெர்ட்ஸ், எல்லை 1600 வரை. இடத்திலேயே கணக்கிடுவதால் வரிசைக்கு 512 பைட்தான் ஆனது. மாற்ற வேண்டிய சோடிகள் 2-இலிருந்து 28 ஆயின, லூப் அதேதான். நியூட்ரலில் 50-க்கு நேரே இருந்த எண் பாதிக்கும் கீழே இறங்கியது, 450-இல் புதிதாக ஒன்று முளைத்தது.

இனி மாற்றிச் செய்வது

எங்கள் ஆய்வகத்தில் இப்போது எஃப்எஃப்டி நிரலைச் சோதிக்க இம்பல்ஸும் நேர்மட்டமும் போதாது. ஒரு சுற்று காஸ், மூன்று சுற்று காஸ் இரண்டும் கட்டாயம். இரண்டு சுற்று காஸை மட்டும் போட்டால் அறை 2 சரியாகவே காட்டும், அறை 6-இன் பிம்பத்தைப் பார்க்காதவன் ஏமாறுவான். அதற்கு மேல், எட்டு தாறுமாறான எண்களைக் கொடுத்து நேரடி டிஎஃப்டியோடு ஒவ்வொரு அறையையும் ஒப்பிட வேண்டும். நேரடியாகப் போட்டால் 64 பெருக்கல், ஊனோவுக்கு அது பெரிய வேலையே இல்லை. புதிய நிரலை முதல்முறை ஓட்டும்போது பாதி வெளியீட்டை மட்டும் அச்சிடுவதையும் நிறுத்திவிட்டோம். பிம்பம் தேவையற்றது என்பது உண்மைதான், ஆனால் சோடி சேர்கிறதா என்று பார்க்க அது இருந்தாக வேண்டும்.

64 புள்ளி நிரலை ஓட்டும் முன், அறைகளை இடம் மாற்றும் லூப்பை நிறுத்திவைத்துவிட்டு 450 ஹெர்ட்ஸ் எந்த அறையில் இருக்கும் என்று மாணவர்களைக் கேட்டேன். 9 என்பது 001001, திருப்பினால் 100100, ஆகவே 36 என்று எழுதிக் கொடுத்தார்கள். ஓட்டிப் பார்த்தோம். அறை 36-இல் இருந்தது, அதன் பிம்பம் அறை 59-இல்.